அங்கோர் வாட்: அகழி சூழ்ந்த மேருவும் இடமாகச் செல்லும் சிற்பச் சுற்றும்

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் மேரு மலையின் வடிவம் என்றும், அதனைச் சூழ்ந்த அகழி மேருவைச் சூழ்ந்த கடல் என்றும் வகுப்பறைகளில் நாம் கூறி வருகிறோம். பயண நூல்களும் பாட நூல்களும் இதனை ஐயத்திற்கிடமில்லாத செய்தியாகவே தருகின்றன. ஆயினும் இக்கூற்றுக்கு ஆதாரம் யாது என ஒரு மாணவர் வினவினால் உடனே விடை கூறுதல் எளிதன்று. இக்கோயிலை எழுப்பிய இரண்டாம் சூரியவர்மன் அதன் அமைப்பின் பொருளை விளக்கிப் பொறித்த கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. கோயிலைத் தோற்றுவித்ததைக் கூறும் கல்வெட்டும் கிடைத்திலது. எனவே கட்டடத்திலிருந்தும், பிற கெமர் மன்னர்களின் கல்வெட்டுகளிலிருந்தும், சிற்பங்கள் அமைந்துள்ள வரிசையிலிருந்தும் பொருளை உய்த்துணர வேண்டியுள்ளது. அவ்வாறு உணரப்படுவனவற்றுள் எவை உறுதியானவை, எவை ஊகமானவை என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரையில் முயல்கிறோம்.

மலையும் கடலும்: கல்வெட்டுகள் கூறுவன

கெமர் மன்னர்கள் மலைக்கோயில் கட்டும் மரபு சூரியவர்மனுக்கு மூன்று நூற்றாண்டு முந்தியது. முதலாம் இந்திரவர்மன் 881ஆம் ஆண்டில் இலிங்கம் நிறுவிய பாக்கோங் கோயில் ஐந்து படிநிலைகளாக உயர்ந்து, அகழி சூழ அமைந்தது. அவனுடைய மகன் யசோவர்மன் 889இல் அரியணை ஏறியபின் தன் புதிய தலைநகரின் நடுவில் இருந்த பக்கேங் என்னும் இயற்கைக் குன்றையே செதுக்கிக் கோயிலாக்கினான்.

இந்தப் பக்கேங் கோயிலைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பை இங்குச் சற்று விரிவாக நோக்குவது தகும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தை 1955இல் நிறுவியவரும், தமிழகச் சமய இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவருமான ஜான் ஃபில்லியோசா, 1954ஆம் ஆண்டில் அதன் கோபுரங்களை எண்ணி ஆராய்ந்தார். தரைத்தளத்தில் 44, ஐந்து படிநிலைகளிலும் படிக்குப் பன்னிரண்டாக 60, உச்சியில் 5 என மொத்தம் 109 கோபுரங்கள் இருந்தன. நடுக்கோபுரத்தை நீக்கினால் எஞ்சுவது 108. அதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. நான்கு பக்கங்களுள் ஏதேனும் ஒன்றின் நடுவில் நின்று நேராக நோக்குபவருக்கு ஒரே வேளையில் 33 கோபுரங்களே தோன்றும். மேருவின் உச்சியில் இந்திரனோடு வாழும் தேவர்களின் எண்ணிக்கையும் முப்பத்து மூன்றே. இத்தகைய பொருத்தம் தற்செயலாக வாய்ப்பது அரிது. நான்கு பக்கங்களிலிருந்தும் அதே எண் மீண்டும் கிடைப்பதே இக்கருத்துக்கு வலிமை தருகிறது. கெமர் கட்டடக் கலைஞர் எண்ணைப் பொருளோடு இணைத்தே திட்டமிட்டனர் என்பதற்கு நம்மிடமுள்ள நல்ல சான்றுகளுள் இதுவும் ஒன்று.

கல்வெட்டுகளிலிருந்தும் இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன. பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் உதயாதித்தியவர்மனைப் பற்றிய கல்வெட்டு ஒன்று, நாவலந்தீவின் நடுவில் பொன்மலை இருப்பதைக் கண்டு அதற்கு நிகராக அவன் தன் நகரின் நடுவிலும் ஒரு பொன்மலையை எழுப்பினான் எனப் பொருள்படக் கூறுகிறது. அது பாப்புவோன் கோயிலைக் குறிப்பதாக அறிஞர் கொள்வர். இரண்டாவது சான்று ஏழாம் ஜயவர்மன் கட்டிய அங்கோர் தோம் நகரின் மூலைக் கோயில்களில் உள்ளது. அந்நகரின் மதிலுக்கு ஜயகிரி என்றும், அகழிக்கு ஜயசிந்து என்றும் பெயரிட்ட கல்வெட்டுப் புலவர், முன்னது தன் முடியால் வானத்தைத் தொடுவதாகவும், பின்னது தன் ஆழத்தால் நாகருலகை எட்டுவதாகவும் பாடுகிறார். கிரி என்பது மலை. சிந்து என்பது கடலையும் ஆற்றையும் குறிக்கும் சொல். ஆகவே மதிலை மலையாகவும் அகழியைக் கடலாகவும் காண்பது பிற்கால ஆய்வாளரின் கற்பனை அன்று. கெமர் அரசவையே அவ்வாறு கண்டிருக்கிறது. எனினும் முதல் கல்வெட்டு அங்கோர் வாட்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியது, இரண்டாவது அதே அளவு பிந்தியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்த கோயிலும் அதே எண்ணத்தில் எழுந்தது எனக் கொள்வது முறையான உய்த்துணர்வே.

அகழியின் மற்றொரு பணி

1113இல் ஆட்சிக்கு வந்த சூரியவர்மனின் கோயிலில் அகழியே முதலில் நம்மை எதிர்கொள்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 190 மீட்டர். வெளி விளிம்பை அளந்தால் கிழக்கு மேற்காக 1.5 கிலோமீட்டரும் வடக்குத் தெற்காக 1.3 கிலோமீட்டரும் வரும். தற்காப்புக்காக மட்டும் தோண்டப்பட்ட அகழிக்கு இத்துணை அகலம் வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வருபவர் இந்நீர்ப்பரப்பைக் கல்பாவிய பாதை வழியாகக் கடந்து, மதில் வாயிலுள் புகுந்து, மேலும் ஏறத்தாழ 350 மீட்டர் நடந்த பின்னரே கோயிலின் அடியை அடைகிறார். அங்கிருந்து மூன்று படிநிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்கின்றன. உச்சியில் மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து கோபுரங்கள். நடுக்கோபுரத்தின் முடி தரையிலிருந்து ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் உள்ளது.

இந்நீர்ப்பரப்பு வெறும் குறியீடாக மட்டும் இருந்திருந்தால் கோயில் இன்றுவரை நின்றிருக்குமா என்பது ஐயமே. அங்கோர் சமவெளியின் நிலம் மணற்பாங்கானது. கோயிலின் உட்பகுதியும் இறுக்கி நிரப்பிய மணலே; அதன்மேல் செம்புரைக்கல்லும் மணற்கல்லும் அடுக்கப்பட்டுள்ளன. ஈரம் குன்றாத மணல் பெரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் ஏறியும் கோடைக்காலத்தில் இறங்கியும் வருமாயின் அடித்தளம் சீரற்றுத் தாழும். கற்களின் இணைப்புகள் விலகும். ஆறு திங்கள் மழையும் ஆறு திங்கள் வறட்சியும் உள்ள அந்நாட்டில், ஆண்டு முழுதும் நீர் நிறைந்த அகழி கோயிலின் அடியிலுள்ள நீர்மட்டத்தை நிலையாக வைத்திருக்க உதவுகிறது. அண்மையிலுள்ள சியம் ரீப் நகரில் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்படுவதைக் கட்டடப் பாதுகாப்பாளர் அஞ்சுவதும் இதனாலேயே. கோயிலைத் திட்டமிட்டோர் இவ்விரு பணிகளையும் வேறு வேறாக எண்ணினரா என்பதை நாம் கூற இயலாது. கடல் வற்றினால் மலை சாயும் என்பது இங்கு உவமை அன்று, பொறியியல் உண்மை.

இன்னொன்றும் கூற வேண்டும். 2012இல் வானூர்தியிலிருந்து லேசர் ஒளிக்கதிர் கொண்டு நிலத்தை அளந்தபோது, அகழிக்கு உட்பட்ட மரச்செறிவான பகுதியில் நேர்க்கோட்டுத் தெருக்களும், வீட்டுமேடுகளும், அவற்றை ஒட்டிய சிறு குளங்களும் ஒழுங்காக அமைந்திருந்தமை தெளிவாயிற்று. கடல் சூழ்ந்த தேவருலகில் கோயிற் பணியாளரும் தம் வாழ்க்கையை நடத்தினர். மேரு, பாற்கடல் என்று மட்டும் பேசும்போது இம்மக்களை நாம் மறந்துவிடுகிறோம்.

இடமாகச் செல்லும் வரிசை

மூன்று படிநிலைகளுள் கீழ்நிலையைச் சுற்றி ஓடும் மாளிகையிலேயே புகழ்பெற்ற புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இதனைத் தஞ்சைப் பெருங்கோயில் வழக்கையொட்டித் திருச்சுற்று மாளிகை எனலாம். இதன் மேற்கு, கிழக்குப் பக்கங்கள் ஏறத்தாழ 187 மீட்டர். வடக்கு, தெற்குப் பக்கங்கள் 215 மீட்டர். கெமர் கலைஞர் உண்மையான வளைவுக் கூரை அமைக்கும் முறையைக் கையாளவில்லை. இருபுறச் சுவர்களிலிருந்தும் கற்களைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நீட்டி அடுக்கி, உச்சியில் இணைத்தனர். இம்முறையில் அகன்ற மண்டபம் கட்ட இயலாது. ஆனால் குறுகிய நீண்ட மாளிகையை எவ்வளவு தொலைவுக்கும் கொண்டு செல்லலாம். உட்புறம் முழுச் சுவராகவும் வெளிப்புறம் தூண் வரிசையாகவும் விடப்பட்டதால், தூண்களின் இடையே பக்கவாட்டில் வரும் ஒளி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள சிற்பப் பரப்பின்மீது விழுகிறது. கட்டுமான முறையின் குறையே சிற்பிக்கு நீண்ட சுவரை வழங்கிற்று.

ஒவ்வொரு பக்கமும் நடுவாயிலால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு எட்டுப் பெரும் காட்சிகள் அமைந்துள்ளன. இவற்றை எவ்வழியாகப் பார்ப்பது? நம் கோயில்களில் இறைவன் நம் வலக்கைப் பக்கம் இருக்குமாறு வலம் வருகிறோம். சாவகத்தின் போரோபுதூரில் உள்ள கதைச் சிற்பங்களும் அவ்வாறு வலம் வருபவருக்கே வரிசையாக விரிகின்றன. அங்கோர் வாட்டில் வலமாக, அதாவது மேற்கு வாயிலிலிருந்து இடப்பக்கம் திரும்பி வடக்கே சென்றால், உருவங்கள் நம்மை எதிர்த்து வருவதைத் தெற்கு மாளிகையில் காண்போம். வலப்பக்கம் திரும்பித் தெற்கே சென்றாலோ படைகளோடு நாமும் சேர்ந்து நடப்போம். கோயிலை இடக்கைப் பக்கம் வைத்துச் செல்லும் இம்முறையை வடநூலார் பிரசவ்யம் என்பர். அது இறந்தோர்க்குச் செய்யும் கடன்களில் வழங்கும் முறை.

அவ்வழியே நாமும் நடந்து பார்ப்போம். மேற்கு மாளிகையின் தென்பாதியில் குருக்ஷேத்திரப் போர். கௌரவர் நம் இடப்புறமிருந்தும் பாண்டவர் வலப்புறமிருந்தும் வந்து நடுவில் மோதுகின்றனர். மூலையைத் திரும்பித் தெற்கு மாளிகையில் கால் வைத்ததும் புராணம் நின்று வரலாறு தொடங்குகிறது. ஏறத்தாழ 94 மீட்டர் நீளமுள்ள இக்காட்சியில் மன்னன் மலைமேல் அமர்ந்து அமைச்சரைக் காண்கிறான். பின்னர் தளபதியர் யானைமீது அமர்ந்து கிழக்கு நோக்கிச் செல்கின்றனர். யார் யார் என்பதைச் சிறு கல்வெட்டுகள் கூறுகின்றன. மன்னனுக்கு அவை தரும் பெயர் பரமவிஷ்ணுலோகன். இது சூரியவர்மன் விண்ணுலகு எய்தியபின் வழங்கிய பெயர்.

அடுத்த காட்சி, தெற்கு மாளிகையின் கிழக்குப் பாதி, இயமனின் தீர்ப்பு. மேல்வழி வானுலகுக்கும் கீழ்வழி நரகத்திற்கும் செல்கின்றன. எருமைமீது அமர்ந்த இயமன் பல கைகளோடு வழக்கு உசாவுகிறான்; சித்திரகுப்தன் துணை நிற்கிறான். அப்பால் 37 துறக்கங்களும் 32 நரகங்களும் காட்டப்பட்டுள்ளன. நரகங்களின் பெயர்களையும் அங்கே தண்டனை பெறுவோரின் குற்றங்களையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அதனையும் கடந்து கிழக்கு மாளிகையில் திரும்பினால் 49 மீட்டர் நீளத்திற்குப் பாற்கடல் கடையும் காட்சி. தெற்கே அசுரர், வடக்கே தேவர், இடையே ஆமையின் முதுகில் ஊன்றிய மந்தரமும் திருமாலும். அசுரர் தென்புறத்தவர், தேவர் வடபுறத்தவர் என்பது இந்திய வானநூலாரின் கொள்கை. சிற்பி அவர்களை உரிய திசையிலேயே நிறுத்தியுள்ளார். வாசுகியின் தலை அசுரர் பக்கமும் வால் தேவர் பக்கமும் உள்ளன. வாலின் நுனியைக் குரங்கு உருவம் ஒன்று பற்றியுள்ளது. நம் புராணங்களில் காணாத இக்குரங்கு கெமர் மரபுக்கே உரியது போலும்.

அரசனின் உலா, இறந்தோர்க்கு இயமன் வழங்கும் தீர்ப்பு, சாவா மருந்தைத் தரும் கடல் என இம்மூன்றும் அடுத்தடுத்து வருவதை நோக்கினால், இவ்வரிசை ஒரு வாழ்வைப் பின்தொடர்வதாகத் தோன்றுகிறது. மேற்கு நோக்கிய வாயிலையும் இடமாகச் செல்லும் சிற்பத்தையும் கொண்டு இது கல்லறையே என 1930களில் சிலர் வாதிட்டனர். 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவைச் சார்ந்த சூ தாகுவானும் தென்வாயிலுக்கு வெளியே லூ பானின் கல்லறை இருப்பதாக எழுதினார்; லூ பான் என்பது சீன மரபில் புகழ்பெற்ற தச்சனின் பெயர். ஜார்ஜ் செதேஸ் இதற்கு நடுநிலையான விடை கண்டார். மன்னன் உயிரோடிருக்கும்போது அவன் வடிவில் வழிபடப்படும் திருமாலின் கோயிலாகவும், அவன் மறைந்தபின் அவனுக்குரிய நினைவிடமாகவும் இது விளங்கியது என்பது அவர் கருத்து. மேற்குத் திசை திருமாலுக்கும் உரியது என்பதால் திசையை மட்டும் கொண்டு கல்லறை என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆனால் சிற்ப வரிசையின் சான்றைத் திருமாலைக் காட்டி விலக்க இயலாது. நாம் செதேஸ் கருத்தின் பக்கமே சாய்கிறோம்.

வரிசையின் எஞ்சிய பகுதியில் ஒரு வியப்பு உள்ளது. கிழக்கு மாளிகையின் வடபாதியும் வடக்கு மாளிகையின் கிழக்குப் பாதியும் சூரியவர்மன் காலத்தில் செதுக்கப்படவில்லை. அவை 1546க்கும் 1564க்கும் இடையில், நான்கு நூற்றாண்டுகள் கழித்து, ஆங் சான் என்னும் அரசனின் ஆணையால் முடிக்கப்பட்டன. விஷ்ணுலோக மன்னன் இரண்டு சுவர்களை முடிக்காது விட்டான் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. நாடு தேரவாத பௌத்தத்தைத் தழுவிய பின்னரும் அச்சுவர்களில் திருமால் அசுரரை வெல்வதும், கண்ணன் கருடன்மீது ஏறி வாணாசுரனோடு பொருவதும் செதுக்கப்பட்டன. செதுக்கும் திறன் குறைந்திருக்கலாம். அவை முந்திய சிற்பங்களின் நயத்தை எட்டவில்லை என்பது கண்ணாரக் காண்பவருக்குப் புலனாகும். எனினும் எந்தக் கதை எந்த இடத்திற்குரியது என்னும் நினைவு அரசவையில் மறையவில்லை போலும். வடக்கு மாளிகையின் மேற்குப் பாதியில் தேவாசுரப் போரும், மேற்கு மாளிகையின் வடபாதியில் இலங்கைப் போரும் மீண்டும் பழைய கைகளின் வேலையாக நம்மை வாயிலில் கொண்டு சேர்க்கின்றன.

அளவுகளில் யுகங்கள்

இனி ஊகத்தின் பகுதிக்கு வருவோம். 1976இல் சயின்ஸ் இதழில் மூவர் எழுதிய கட்டுரை ஒன்று, அங்கோர் வாட்டின் நீளங்கள் நான்கு யுகங்களின் ஆண்டுகளைக் குறிப்பதாகக் கூறிற்று. அவர்களுள் ஒருவரான எலினார் மன்னிக்கா 1996இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவுபடுத்தினார். அவர்கள் கொண்ட அளவை முழம். அதன் நீளம் 0.43545 மீட்டர். அகழியின் அகலம் 439.78 முழம், அது கலியுகத்தின் 432 ஆயிரம் ஆண்டுகளாம். மேற்கு வாயிலின் முதற்படியிலிருந்து பாதையின் முடிவிலுள்ள கைப்பிடிச்சுவர் வரை 867.03 முழம், அது துவாபரத்தின் 864. அதே படியிலிருந்து நடுக்கோபுரத்தின் முதற்படி வரை 1,296.07 முழம், அது திரேதத்தின் 1,296. அகழிப் பாலத்தின் முதற்படியிலிருந்து கோயிலின் நடுப்புள்ளி வரை 1,734.41 முழம், அது கிருதத்தின் 1,728. உள்ளே செல்பவர் கலியுகத்திலிருந்து பின்னோக்கிப் பொற்காலத்திற்குச் செல்கிறார் என்பது இக்கருத்து.

அழகிய கருத்துத்தான். ஆனால் எண்களைச் சற்று உரசிப் பார்ப்போம். திரேத அளவு வியக்கத்தக்க அளவிற்குச் சரியாக உள்ளது. கலியுக அளவில் வேறுபாடு 7.78 முழம், ஏறக்குறைய 3.4 மீட்டர். மேருவைச் சரியாக அளந்த கலைஞர் கடலை அளக்கும்போது மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் பிழை விடுவாரா? அளவு தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் ஒவ்வொரு யுகத்திற்கும் வேறுபடுவதையும் காண்க. ஒன்று வாயிற்படியில் தொடங்குகிறது, மற்றொன்று பாலத்தில். ஒன்று படியில் முடிகிறது, மற்றொன்று நடுப்புள்ளியில். இத்தனை படிகளும் சுவர்களும் வாயில்களும் உள்ள கட்டடத்தில் தேடுவோர்க்கு விரும்பிய எண் கிடைத்தே தீரும். அந்த முழத்தின் நீளமும் கல்வெட்டில் கூறப்பட்டதன்று, கட்டடத்திலிருந்தே பெறப்பட்டது.

சமநாள் காலையில் மேற்கு வாயில் அருகே நிற்பவருக்கு ஞாயிறு நடுக்கோபுரத்தின்மேல் எழுவதாகத் தோன்றும் என்பதும் இவர்கள் கூறிய செய்தியே. இது பலரும் நிழற்படம் எடுத்துக் காட்டுவது. கிழக்கு மேற்காக அமைந்த எக்கோயிலிலும் ஏறத்தாழ இது நிகழும். வெப்ப மண்டலத்திலும் ஞாயிறு செங்குத்தாக ஏறுவதில்லை. அங்கோரின் அகலாங்கில் தெற்கே சற்றுச் சாய்ந்தே ஏறுகிறது. ஆகவே பார்ப்பவர் பாதையில் முன்னே சென்றாலோ பின்னே வந்தாலோ, ஞாயிறு கோபுரமுடியைத் தொடும் நாளும் மாறும். நிற்கும் இடத்தைக் கூறாது நாளை மட்டும் கூறுதல் ஆய்வுக்குப் பொருந்தாது.

பக்கேங்கின் முப்பத்து மூன்றோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே எண்ண வேண்டியவை கோபுரங்கள். எவரும் எண்ணிப் பார்க்கலாம். நான்கு பக்கத்திலும் விடை ஒன்றே. இங்கே அளப்பவர் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார். ஐந்து கோபுரங்கள், மூன்று படிநிலைகள், கடலெனச் சூழ்ந்த அகழி, இடமாகச் செல்லும் சிற்ப வரிசை ஆகியவற்றைக் கல்வெட்டும் கட்டடமும் தாங்குகின்றன. யுக அளவுகளை மாணவரிடம் கூறும்போது ஒரு கருதுகோள் எனக் கூறுவதே முறை.

சூரியவர்மனுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து இக்குறியீடு சுவரைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிற்று. ஏழாம் ஜயவர்மனின் அங்கோர் தோம் நகருக்கு ஐந்து வாயில்கள். ஒவ்வொரு வாயிலின் முன்னும் அகழியைக் கடக்கும் பாதையின் ஒருபுறம் தேவர் 54, மறுபுறம் அசுரர் 54 எனக் கல்லுருவங்கள் அமர்ந்து ஒரு நாகத்தை இழுக்கின்றன. சூ தாகுவானும் இவற்றை எண்ணி ஐம்பத்து நான்கு எனக் குறித்துள்ளார். 49 மீட்டர் சுவரில் கண்ட காட்சி இங்கு மெய்யான நீரின்மேல் அமைந்தது. நகருள் வண்டியோடு புகுந்த உழவரும் வணிகரும் நாள்தோறும் அந்த இரு வரிசைகளின் இடையே சென்றனர். தெற்கு வாயிலின் முன் இன்றும் அவ்வாறே செல்லலாம். உருவங்களுள் பலவற்றின் தலைகள் களவு போனமையால் புதியவை பொருத்தப்பட்டுள்ளன.